மீன்காரம்மா திட்டும்வரை விலை இறங்கும்

சென்னையின் எந்த மீன் மார்க்கெட்டுக்கும் ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்க் காதைக் கொடுத்தால், அங்கே பாதி வியாபாரம் திட்டாகத்தான் நடக்கும். வாங்குபவர் மீனைத் திட்டுவார். விற்பவர் வாங்குபவரின் கஞ்சத்தனத்தைத் திட்டுவார். புதிதாக வந்தவருக்கு இது சண்டை மாதிரி தெரியும். ஆனால் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் ஒன்று பிடிபடும்: புதியவரை அங்கே யாரும் திட்டுவதில்லை. அவருக்கு விலை சொல்வார்கள், அவர் குறைத்துக் கேட்பார், ஒன்று வாங்குவார் இல்லையென்றால் போய்விடுவார். எல்லாம் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். திட்டு வாங்குவதற்கும் கொடுப்பதற்கும் பல வருடம் வாடிக்கையாக இருக்க வேண்டும்.

கீழே உள்ள பேச்சு ஒரே நாளில் கேட்டதல்ல. பல ஞாயிறுகளில் காதில் விழுந்ததைக் கோத்து எழுதியது. விலைகளும் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவைதான். விற்பவர் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட மீன்காரம்மா. வாங்குபவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. நடுவில் பலகை மேல் சங்கரா மீன்.

"வா டீச்சரு. போன வாரம் ஆளே காணோம். பிரிட்ஜ்ல வெச்ச மீன வாங்கித் துன்னியா?"

"உன் மீனும் அங்கேருந்து வந்ததுதானே. கண்ணப் பாரு, நைட் ஷிப்ட் முடிச்சுட்டு வந்த மாதிரி இருக்கு."

"அதுக்குக் கண்ணு நல்லாத்தான் கீது. நீ உன் கண்ணாடியத் தொடச்சுக்கோ. எத்த எடுக்கட்டும்?"

"முதல்ல விலையச் சொல்லு."

"நானூத்தம்பது. உனக்கு நானூறு."

"நானூறா? என்ன, டிகிரி படிச்ச மீனா? முந்நூத்தம்பது."

"முந்நூத்தம்பதுக்கு மீன் படம் போட்ட காலண்டர் கெடைக்கும். வாங்கிச் செவுத்துல மாட்டிக்கோ."

"காலண்டர் மீனாவது நாறாம இருக்கும்."

"நாறாத மீனு கடல்ல கீது. நான் வலை தரேன், போய் நீயே புடிச்சுக்கோ."

"முந்நூத்தி எழுபது."

"இன்னா டீச்சரு, இந்த மாசம் பென்சன் வர்லியா?"

"வந்துச்சு. நேரா உன் வீட்டு மாடிக்குத்தான் போச்சு."

"கண்ணு வெக்காத. முந்நூத்தி எண்பது, அதுக்கு மேல பேசாத."

மீன் தராசுக்கு ஏறுகிறது. 1 கிலோ 150 கிராம். கிலோ 380 ரூபாய் என்றால் 437 ரூபாய் வருகிறது. டீச்சர் நானூறை நீட்டுகிறார். "முப்பத்தேழு ரூபாவக் கடல்ல கொட்டிட்டுப் போவவா?" என்று மீன்காரம்மா கேட்க, டீச்சர் இன்னும் ஒரு இருபதை எடுக்கிறார். கூடவே, "ரெண்டு நெத்திலி போடு" என்கிறார். "ரெண்டுதான் போடுவேன், எண்ணிக்கோ" என்று சொல்லிக்கொண்டே மீன்காரம்மா ஒரு கை நெத்திலியை அள்ளிப் பைக்குள் போடுகிறார்.

இந்தப் பேச்சில் எவ்வளவு பணம் கைமாறியது, எவ்வளவு பணத்துக்காகப் பேசினார்கள் என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். டீச்சருக்கு எடுத்த எடுப்பில் சொன்ன விலை 400. முடிந்த விலை 380. கிலோவுக்கு 20 ரூபாய்க்குத்தான் காலண்டரும் வலையும் பென்சனும் மாடியும் வந்துபோயின. புதியவரிடம் 450 சொல்லி 420-க்கு முடித்திருந்தால் அங்கே இறங்கியது 30 ரூபாய், பேசியதோ நாலு வார்த்தை. இறங்குவதற்கு இடம் குறைவாக இருக்கும் இடத்தில்தான் பேச்சு நீளமாக இருக்கிறது.

காரணம் எளிது. வாடிக்கையாளருக்குச் சொல்லும் முதல் விலையே கடைசி விலைக்குப் பக்கத்தில் இருக்கும். "உனக்கு நானூறு" என்று சொன்ன அந்த நொடியிலேயே பெரிய தள்ளுபடி முடிந்துவிட்டது. ஆனால் அதை அப்படியே வாங்கிக்கொண்டு போனால் மரியாதை இல்லை. பேரம் பேசாமல் பணத்தைக் கொடுக்கும் வாடிக்கையாளரைப் பார்த்து, "இன்னா, ஒடம்பு சரியில்லியா?" என்று மீன்காரம்மாவே கேட்பார். அப்புறம் அடுத்த வாரம் முதல் விலை கொஞ்சம் ஏறியிருந்தாலும் ஆச்சரியப்படக் கூடாது. பேசாதவர் கவனிக்காதவர் என்று அர்த்தம்.

மொராக்கோவின் செஃப்ரூ என்ற ஊர்ச் சந்தையைப் பல காலம் ஆராய்ந்த மானிடவியலாளர் கிளிஃபர்ட் கீர்ட்ஸ் 1978-ல் எழுதிய ஒரு கட்டுரையில் இதற்கு நல்ல விளக்கம் கிடைக்கிறது. சரக்கு எப்படிப்பட்டது, உண்மை விலை என்ன என்று யாருக்கும் சரியாகத் தெரியாத சந்தையில், பத்து கடை ஏறி இறங்கி விசாரிப்பதைவிட ஒரே கடைக்காரரிடம் ஆழமாகப் பேசிப் பார்ப்பது லாபம் என்கிறார். அதனால்தான் மக்கள் வாடிக்கை பிடிக்கிறார்கள். வாடிக்கை பிடித்த பிறகும் பேரம் தொடர்கிறது. விலையை மட்டும் பேசுவதில்லை, அளவு, தரம் என்று எல்லாமே பேரத்துக்குள் வருகிறது. நம் ஊர் நெத்திலிக் கையளவு அந்தக் கணக்கில் சேர்ந்ததுதான்.

இப்போது பலகைக்கு மறுபக்கம் இருந்து அதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். காசிமேடு துறைமுகத்தில் விடிவதற்கு முன்பே ஏலம் நடக்கும். அங்கே மீன்காரம்மா 10 கிலோ சங்கராவை 2,900 ரூபாய்க்கு எடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். கிலோ 290. ஐஸ், ஷேர் ஆட்டோ, கூடை தூக்கிய கூலி, உட்காரும் இடத்துக்கான காசு எல்லாம் சேர்த்துக் கிலோவுக்கு 30 ரூபாய் ஏறினால் அடக்கம் 320. டீச்சர் வாங்கிய 1.150 கிலோவின் அடக்கம் 368 ரூபாய். கையில் வந்தது 420. மிச்சம் 52. அதில் நெத்திலிக்கு ஒரு 20 ரூபாயைக் கழித்தால் 32 ரூபாய் நிற்கிறது. பத்து கிலோவும் இதே மாதிரி போனால் பரவாயில்லை. வயிறு உடைந்த இரண்டு மீன், மத்தியானம் வரை தங்கிய ஒரு கிலோ என்று கழிவு உண்டு. அதெல்லாம் அடக்க விலைக்கும் கீழே போகும்.

இதற்கு மேல் தண்டல் இருக்கிறது. விடியற்காலை ஏலத்துக்குக் கையில் ரொக்கம் வேண்டும். பலர் அதைத் தண்டல்காரரிடம்தான் வாங்குகிறார்கள். 10,000 ரூபாய்க் கடன் என்றால் வட்டியை முதலிலேயே பிடித்துக்கொண்டு 9,000-மோ அதற்கும் குறைவாகவோ கையில் தருவார்கள். தினமும் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். வியாபாரம் ஆனாலும் ஆகாவிட்டாலும் அந்த 100 ரூபாய் அன்றைக்கே போக வேண்டும். மேலே போட்ட கணக்கில் டீச்சரைப் போல நாலு பேர் வாங்கினால்தான் ஒரு நாள் தண்டல் கட்டி முடியும்.

ஆக, மீன்காரம்மாவுக்கு ஒரு அடிமட்டம் இருக்கிறது. அதற்குக் கீழே அவர் போக முடியாது. வாங்குபவருக்கு அந்த அடிமட்டம் எங்கே என்று தெரியாது. தெரிந்துகொள்ள அவருக்கு இருக்கும் ஒரே அளவுகோல் கிண்டல்தான். காலண்டர் வாங்கு, வலை எடுத்துக்கொண்டு போ என்று திட்டிக்கொண்டிருக்கும்வரை இறங்க இடம் இருக்கிறது. திட்டு நின்று, குரல் தணிந்து, "எனக்கே முந்நூத்தி இருவது விழுது டீச்சரு" என்று வந்துவிட்டால் அவ்வளவுதான். அந்த வார்த்தைக்குப் பிறகு பேரம் பேசும் வாடிக்கையாளர் வாடிக்கை என்ற பெயருக்கு லாயக்கில்லாதவர். அடக்க விலையைச் சொல்வது மீன்காரம்மாவின் கடைசிச் சீட்டு. அதைத் தினமும் எறிந்தால் யாரும் நம்பமாட்டார்கள் என்பது அவருக்கும் தெரியும். அதனால் தேவைப்படும்போதுதான் எடுப்பார். புதியவரிடம் அதே வசனத்தை உரத்த குரலில், சத்தியம் வைத்துச் சொல்வதும் உண்டு. அது வேறு கணக்கு. குரலின் உயரத்தை வைத்தே பிரித்துவிடலாம்.

நடந்து போவதும் இப்படித்தான். "வேணாம் போ" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு டீச்சர் கிளம்புவார். புதியவர் கிளம்பினால் நிஜமாகவே பக்கத்துக் கடைக்குப் போவார். வாடிக்கையாளர் நாலு எட்டு வைத்து, பக்கத்துப் பலகையில் இருக்கும் நண்டைப் பார்ப்பதுபோல் நிற்பார். இந்த நேரத்தில் மீன்காரம்மா வேறு ஆளுக்கு மீன் நிறுத்துக்கொண்டே, தலையைத் திருப்பாமல், "போ போ, அங்கதான் தங்கம் தராங்க" என்று குரல் கொடுத்தால் திரும்பி வரலாம், ஒரு பத்து ரூபாய் குறையும். ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டால் சொன்ன விலைதான் விலை. அப்போது திரும்பி வருவது கொஞ்சம் சங்கடம். அனுபவசாலிகள் அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். திரும்பி வந்து, "அங்க உன்னவிட மோசம்" என்று சொல்லிவிடுவார்கள்.

விலையைப் பற்றிய திட்டைவிடத் தரத்தைப் பற்றிய திட்டு கொஞ்சம் நுணுக்கமானது. காரணம், மீன் கெட்டுப்போகும் பொருள். தரம் நிஜமாகவே முக்கியம். அப்படியிருக்க "உன் மீன் நாறுது" என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் சிரிப்பது எப்படி? இருவருக்கும் நடுவில் எழுதாத ஒரு விதி இருக்கிறது. மீனைப் பொத்தாம்பொதுவாகத் திட்டினால் அது விளையாட்டு. குறிப்பாக ஒரு இடத்தைத் தொட்டுச் சொன்னால் அது குற்றச்சாட்டு.

"நாறுது", "கிழட்டு மீனு", "நைட் ஷிப்ட் கண்ணு" எல்லாம் விளையாட்டு. டீச்சர் அதே மீனின் செவுளைக் கட்டைவிரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, "செவுள் வெளுத்திருக்கே" என்று சாதாரணக் குரலில் சொன்னால் விளையாட்டு அங்கே நின்றுவிடும். மீன்காரம்மாவும் பதிலுக்குக் கிண்டல் செய்யமாட்டார். "அத்த வுடு, இத்த எடு" என்று அடியில் இருந்து வேறு மீனை எடுத்துப் போடுவார். செவுள் சிவப்பாக இருக்கிறதா, அழுத்தினால் சதை மேலே எழும்பி வருகிறதா அல்லது விரல் பட்ட இடம் குழியாகவே நிற்கிறதா, வயிற்றுப்பக்கம் தளர்ந்து உடைந்திருக்கிறதா, இறாலில் தலைப்பக்கம் கறுத்துத் தொங்குகிறதா என்பவைதான் நிஜக் கேள்விகள். கண்ணை வைத்துக் கிண்டல் செய்வதில் ஆபத்து குறைவு. ஐஸ் பட்டாலே நல்ல மீனுக்கும் கண் கொஞ்சம் மங்கிவிடும். இது இருவருக்கும் தெரியும். கண்ணைத் திட்டினால் யாரும் புண்படுவதில்லை.

"நேத்து மீனா?" என்ற கேள்வியும் அப்படித்தான். எல்லோரும் கேட்பது, யாரும் பதில் எதிர்பார்க்காதது. கட்டுமரமும் ஃபைபர் படகும் போன அன்றைக்கே திரும்பும். விசைப்படகு ஒரு வாரம், பத்து நாள் என்று கடலில் தங்கி, பிடித்ததை ஐஸில் போட்டு வைத்துக்கொண்டு வரும். காசிமேட்டில் விடியற்காலை இறங்கிய மீனிலேயே கடைசி நாள் வலையில் விழுந்ததும் இருக்கும், முதல் நாள் விழுந்ததும் இருக்கும். நிஜமாகவே நேற்றைய மீன் என்றால் அது நல்ல மீன். "நேத்து மீனா?" என்று டீச்சர் கேட்க, "இல்ல, நாளைக்கி மீனு" என்று மீன்காரம்மா சொல்வதில் இருக்கும் சிரிப்பு இதுதான். இந்த விஷயம் தெரியாதவர் அதே கேள்வியைக் கேட்டால், "இப்பதான் வந்துச்சு சார், துள்ளுது பாரு" என்று பதில் வரும். துள்ளும் சங்கராவை நான் இதுவரை பார்த்ததில்லை.

இன்னொரு வேலையும் இந்தத் திட்டு செய்கிறது. இது எனக்கு ரொம்பப் பிடித்தது. பலகையைச் சுற்றி ஐந்தாறு பேர் நிற்கிறார்கள். டீச்சர் இறாலில் கை வைக்கிறார். அன்றைக்கு இறால் சரியில்லை, மீன்காரம்மாவுக்குத் தெரியும். வெளிப்படையாகச் சொன்னால் மற்ற ஐந்து பேரும் போய்விடுவார்கள். சொல்லாமல் விட்டால் டீச்சர் அடுத்த வாரம் வரமாட்டார். அப்போது இப்படி ஒரு திட்டு வரும்: "எறாவத் தொடாத. உரிக்கிறதுக்கு உனுக்குக் கை இருக்குதா? பேசாம சங்கரா எடு, கொயம்பு வெச்சுத் துன்னு." கேட்பவருக்கு இது வயதானவரைக் கேலி செய்வது. டீச்சருக்கு இது எச்சரிக்கை. கையை எடுத்துவிடுவார். "என் கையப் பத்தி உனக்கென்ன" என்று ஒரு பதிலும் கொடுப்பார், சந்தேகம் வராமல் இருக்க. வாடிக்கையின் நிஜமான மதிப்பு 20 ரூபாய்த் தள்ளுபடியில் இல்லை, இந்த மாதிரி ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. நேர்மை என்று பார்த்தால் மற்ற ஐந்து பேருக்கு இது அநியாயம்தான். அதையும் சொல்லியாக வேண்டும்.

சரி, எதைச் சொல்லக் கூடாது? இதில் யாரும் யாருக்கும் பாடம் எடுப்பதில்லை, ஆனாலும் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. போணி ஆவதற்கு முன் திட்டு கிடையாது. அன்றைய முதல் வியாபாரத்தில் "நாறுது" என்ற சொல் விழுந்தால் நாள் முழுக்க ஓடாது என்று நம்பிக்கை. விலை கேட்டுவிட்டு வாங்காமல் போவதும் அந்த நேரத்தில் தப்பு. அதனால் போணிக்கு நல்ல விலை கிடைக்கும், ஆனால் சுவாரசியம் கிடைக்காது. காசை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகுதான் மீன்காரம்மாவின் வாய் திறக்கும்.

தராசைத் தொட்டுக் கிண்டல் செய்யக் கூடாது. மீன் கெட்டது என்றால் கடலின் குற்றம், ஐஸின் குற்றம். எடை குறைகிறது என்றால் அது ஆளின் குற்றம். சிரித்துக்கொண்டே சொன்னாலும் அது திருடி என்று சொல்வதுதான். அதேபோல 2018-ல் மீனில் ஃபார்மலின் கலக்கிறார்கள் என்ற பயம் கிளம்பி மார்க்கெட்டெல்லாம் அடி வாங்கியது. அதற்குப் பிறகு "மருந்து அடிச்ச மீனா?" என்பது விளையாட்டுப் பட்டியலில் சேரவே இல்லை. பக்கத்தில் நிற்பவர் காதில் விழுந்தால் அது நிஜமாகவே வியாபாரத்தைக் கெடுக்கும் என்பதால், எவ்வளவு பழகியவர் கேட்டாலும் மீன்காரம்மாவின் முகம் மாறிவிடும்.

சாதி, கை மீன்வாடை, குடும்பத்தில் நடந்த சாவு, குடிக்கும் கணவன் பற்றியெல்லாம் வாயைத் திறக்கக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கடன் மட்டும் ஒரு விசித்திரம். டீச்சர் பாக்கி வைத்திருந்தால், "ஊர வுட்டு ஓடிப்புடாத" என்று சொல்லலாம், ஆனால் பாக்கி ஐம்பது, நூறாக இருந்தால்தான். அதற்கு மேல் போனால் மீன்காரம்மா நாலு பேர் முன்னால் வாய் திறக்கமாட்டார். ஆள் நகர்ந்த பிறகு மெதுவாகக் கேட்பார். பென்சன், மாடி என்று ஒருவரை ஒருவர் பணக்காரர் என்று திட்டிக்கொண்டதைக் கவனித்திருப்பீர்கள். அது பத்திரமான திட்டு. பணம் இருக்கிறது என்று சொன்னதற்காக யாரும் கோபித்துக்கொள்வதில்லை, "கண்ணு வெக்காத" என்று தள்ளிவிட்டால் போதும். இல்லாமையைத் தொட்டால்தான் வலிக்கும்.

இப்படி ஒருவரை ஒருவர் கேலி செய்ய உரிமையும், கோபப்படக் கூடாது என்ற கடமையும் ஒன்றாகச் சேர்ந்திருக்கும் உறவுகளைப் பற்றி மானிடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுன் 1940-ல் எழுதினார். நமக்கு இது புதிதல்ல. மாமன் மச்சானும், நாத்தனாரும் அண்ணியும் காலம் காலமாகச் செய்வது. ஆனால் மார்க்கெட்டில் ஒரு வேறுபாடு இருக்கிறது. கேலி நாத்தனார் கேலி, கூப்பிடுவதோ அக்கா, அம்மா, டீச்சர், சார் என்று மரியாதையான முறை. யாரும் யாரையும் மச்சான் என்றோ அண்ணி என்றோ கூப்பிடுவதில்லை. குறிப்பாக ஆண் வாடிக்கையாளர் பெண் வியாபாரியிடம் பேசும்போது இந்த முறைதான் வேலி. "இன்னா சார், வூட்ல அடி வுழும்னு பயமா? பெரிய மீனா எடு" என்று அவர் சொல்லலாம். இவர் மீனைத்தான் திட்டலாம், ஆளைத் திட்ட முடியாது. இரண்டு பெண்களுக்கு நடுவில் இருக்கும் சுதந்திரம் இங்கே பாதிதான்.

பருவம் மாறினால் பேச்சும் மாறும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. நாட்டுப்படகு பிடித்ததும், கேரளா பக்கத்திலிருந்து வருவதும், ஐஸில் கிடந்ததும்தான் பலகையில் இருக்கும். விலை எகிறும். அப்போது வாங்குபவர்தான் அதிகம் திட்டுவார். மீன்காரம்மா அவ்வளவாகத் திருப்பிக் கொடுக்கமாட்டார். இறங்க இடமில்லாதபோது கிண்டல் செய்தால் ஆசை காட்டியதுபோல் ஆகிவிடும் அல்லவா? புரட்டாசியில் நேர் எதிர். செப்டம்பர் நடுவில் இருந்து அக்டோபர் நடு வரை பாதி வீட்டில் கவிச்சி கிடையாது. மீன் வரும், ஆள் வராது. அந்த மாதத்தில் வரும் வாடிக்கையாளருக்கு ராஜ மரியாதையும் ராஜ திட்டும் கிடைக்கும். "பெருமாளு உன்ன வுட மாட்டாரு டீச்சரு" என்று சொல்லிக்கொண்டே வஞ்சிரத்தை ஐந்து மாதத்துக்கு முன் கனவிலும் பார்க்காத விலைக்குத் தருவார்.

சமீபத்தில் இரண்டு கருவிகள் இந்தப் பேச்சின் போக்கை மாற்றியிருக்கின்றன. முதலாவது மின்னணுத் தராசு. முன்பெல்லாம் சின்ன மீன் கூறுகட்டி விற்பார்கள். கூறு 50 என்றால் பேரம் விலையில் நடக்காது, "இன்னும் ரெண்டு போடு" என்பதில்தான் நடக்கும். பெரிய மீனும் கைத்தராசில் முள் கொஞ்சம் சாய்ந்தால் சாய்ந்ததுதான். இப்போது தராசு 437 என்று துல்லியமாகக் காட்டுகிறது. பேரமும் அந்த 37-க்குள் புகுந்துகொண்டது. சில்லறையை உதிர்ப்பதில்தான் இன்று பாதிக் கிண்டலும் நடக்கிறது.

இரண்டாவது கருவி இன்னும் குறும்பானது. பலகை ஓரத்தில் ஐஸ் பெட்டி மேல் வைத்திருக்கும் சின்ன ஸ்பீக்கர். கியூஆர் ஸ்கேன் செய்து பணம் அனுப்பியதும் எத்தனை ரூபாய் வந்தது என்று ஊருக்கே கேட்கும்படி அறிவித்துவிடும். டீச்சருக்கு 380 போட்டது அவருக்கும் மீன்காரம்மாவுக்கும் நடுவில் இருந்த விஷயம். "நானூறுல ஒரு பைசா குறையாது" என்று உரக்கச் சொல்லிக்கொண்டே குறைத்து வாங்குவதில்தான் இத்தனை நாள் வியாபாரம் நடந்தது. ஸ்பீக்கர் உண்மையைச் சொல்லிவிட்டால், பக்கத்தில் நிற்கும் புதியவர், "அவங்களுக்கு மட்டும் எப்படி?" என்று கேட்பார்.

இதற்குச் சில கடைகளில் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். ஃபோனில் போடுபவருக்கு விலையில் கை வைப்பதில்லை. 437-ஐ முழுதாகப் போடச் சொல்லிவிட்டு, ஒரு கைக்குப் பதில் இரண்டு கை நெத்திலியாகவோ, வஞ்சிரத் தலையாகவோ பைக்குள் தள்ளிவிடுகிறார்கள். வெட்டுகிறவரிடம், "டீச்சருக்குக் காசு வாங்காத, நான் பாத்துக்கிறேன்" என்று கண் காட்டுவதும் உண்டு. ரொக்கமாகக் கொடுப்பவருக்கு மட்டும் பழையபடி இருபது, முப்பது குறைகிறது. டீச்சர் இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு என்று தனியாகச் சில்லறை மாற்றி வைத்துக்கொள்கிறார். அதைப் பார்த்ததும் மீன்காரம்மா, "உண்டியல ஒடச்சியா?" என்று ஆரம்பித்துவிடுகிறார்.